வரவேற்பு விருந்துக்கு 500 இலை: அரிசி, பருப்பு, காய்கறி, இனிப்பு எவ்வளவு வாங்குவது?

ஸ்ரீரங்கம் வாசகி, 8 ஜனவரி, காலை

மாசி மாதத்தில் எங்கள் மகளுக்குத் திருமணம். முந்தைய நாள் மாலை திருச்சியில் அதே மண்டபத்தில் வரவேற்பு. சமையல்காரரிடம் கூலி மட்டும் பேசியிருக்கிறோம். சாமான்கள் எல்லாவற்றையும் நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். வரவேற்புக்கு 500 பேர் என்று சொன்னோம். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் அரிசி 75 கிலோ, துவரம்பருப்பு 12 கிலோ, பச்சைப் பட்டாணி 12 கிலோ, காலிஃபிளவர் 20 பூ, ஜாங்கிரி 600 என்று இருக்கிறது. இலையில் வருவன ஜாங்கிரி, அசோகா, போண்டா, சப்பாத்தியும் குருமாவும், சாம்பார் சட்னியுடன் தோசை, வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, ரசம் சாதம், தயிர் சாதம், அப்பளம், கடைசியில் ஐஸ்கிரீம். இத்தனை பலகாரங்கள் இருக்கும்போது தலைக்கு 150 கிராம் அரிசியை யார் சாப்பிடுவார்கள் என்று என் நாத்தனார் கேட்கிறார். குறைந்து போனால் சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிவு என்று என் கணவர் அஞ்சுகிறார். பட்டியலில் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

திருவெறும்பூர் கணக்கர், 8 ஜனவரி, மதியம்

இதற்குப் பழைய வாய்பாடு இருக்கிறது. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு, ஒரு கிலோ துவரம்பருப்பு நாற்பது பேருக்கு. 500 பேருக்கு அரிசி 63 கிலோ, பருப்பு 12.5 கிலோ வருகிறது. இரண்டிலும் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் யாரும் பசியோடு போகமாட்டார்கள். அந்தக் கணக்கின்படி உங்கள் சமையல்காரர் பருப்பைச் சரியாக எழுதி, அரிசியை மட்டும் கூட்டி எழுதியிருக்கிறார். காய்கறிக்கும் இனிப்புக்கும் அதே பத்து சதவீதத்தைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

உக்கிராணம் பார்ப்பவர், 8 ஜனவரி, இரவு

எங்கள் குடும்பத்திலும் தெரிந்த குடும்பங்களிலும் திருமணம் என்றால் உக்கிராண அறையின் சாவி என்னிடம்தான் வரும். சமையல்காரர் கேட்பதை எடைபோட்டுக் கொடுப்பதும், மீந்ததை எண்ணி வாங்குவதும் என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எட்டுப் பேருக்கு ஒரு கிலோ என்பது முகூர்த்தத்தன்று மதியம் இலை போட்டு, பருப்பு நெய்யில் தொடங்கி, சாம்பார், ரசம், மோர் என்று சோற்றையே மூன்று நான்கு முறை வாங்கிச் சாப்பிடும் விருந்துக்கான கணக்கு. மாலை வரவேற்பில் சோறு வரும் நேரத்துக்குள் போண்டா, சப்பாத்தி, தோசை எல்லாம் வயிற்றுக்குள் போயிருக்கும். அங்கே பிரியாணி தலைக்கு 40 கிராம் அரிசி, ரசத்துக்கும் தயிருக்கும் சேர்த்து 45 கிராம் அரிசி என்றுதான் நான் கொடுப்பது வழக்கம். 500 இலைக்கு அது 43 கிலோவுக்கு மேல் போகாது.

ஆனாலும் சமையல்காரர் கூட்டி எழுதினார் என்று சொல்லிவிடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த 75 கிலோவில் தோசை மாவுக்கான இட்லி அரிசி அடங்கியிருக்கிறதா? பட்டியலில் அரிசி என்று ஒரே வரியாக எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. 500 தோசைக்கு 15 முதல் 18 கிலோ வரை இட்லி அரிசி வேண்டியிருக்கும். அது உள்ளே இருந்தால் நாம் பேசும் கணக்கே வேறு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 500 என்ற எண் எப்படி வந்தது?

கோவை வாசகர், 9 ஜனவரி

இலைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் இந்தத் தலைவலி எதுவுமே இல்லை. எங்கள் வீட்டுத் திருமணத்தில் குறைந்தபட்சம் 400 இலை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் விழுந்த இலைகளை எண்ணிப் பணம் கொடுத்தோம். அரிசி எத்தனை கிலோ என்று நாங்கள் கேட்கவே இல்லை.

ஸ்ரீரங்கம் வாசகி, 9 ஜனவரி

கூலிக்குப் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அதை மாற்றுவதற்கில்லை. என் கேள்வி சாமான்களைப் பற்றியதுதான்.

சமையல்காரரிடம் பேசினேன். இட்லி அரிசி 18 கிலோ அதில் அடக்கம் என்றார். பிரியாணிக்குச் சீரகச் சம்பா 25 கிலோ, பொன்னி பச்சரிசி 32 கிலோ. ஆகவே அவர் சோற்றுக்கு எழுதியது 57 கிலோ.

500 என்ற எண் வந்த விதம் இதுதான். நாங்கள் 300 பத்திரிகை கொடுக்கிறோம், பாதிப் பேர் ஜோடியாக வருவார்கள் என்று 450, மாப்பிள்ளை வீட்டார் 50.

உக்கிராணம் பார்ப்பவர், 9 ஜனவரி, இரவு

கோவை அன்பர் சொன்ன முறையிலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. குறைந்தபட்ச இலை என்று கையெழுத்துப் போடும் எண்ணைத் தவறாகச் சொன்னால், விழாத இலைக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பத்திரிகை எண்ணிக்கையை ஒரே எண்ணால் பெருக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து, பத்திரிகைப் பட்டியலை ஆட்களின் தன்மைப்படி பிரியுங்கள். மண்டபத்திலேயே தங்கும் வெளியூர் உறவினர்கள் அத்தனை பேரும் சாப்பிடுவார்கள், அவர்களைத் தலை எண்ணியே எழுதலாம். உள்ளூர் உறவினர்கள் குழந்தைகளோடு குடும்பமாக வருவார்கள், ஒரு பத்திரிகைக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவாக வைக்கலாம். அலுவலக நண்பர்களில் பலர் தனியாக வருவார்கள். சிலர் மேடையேறிப் பரிசைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பழச்சாறு மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். அன்று முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் என்பதால் ஊரில் வேறு வரவேற்புகளும் இருக்கும், இரண்டு இடத்துக்கு அழைப்பு உள்ளவர் ஓரிடத்தில்தான் சாப்பிடுவார்.

மாப்பிள்ளை வீட்டார் 50 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர் என்று கேட்டால் மரியாதைக்குக் குறைத்துத்தான் சொல்வார்கள். எத்தனை வேன் பேசியிருக்கிறீர்கள், சொந்தக் காரில் வருபவர்கள் எத்தனை குடும்பம் என்று கேளுங்கள். வண்டிகளை நிறுத்த இடம் ஒதுக்குவதற்காக என்று சொன்னால் யாருக்கும் மனம் கோணாது.

எல்லோரும் மறக்கும் ஒரு கூட்டமும் உண்டு. சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், நாதஸ்வரக் குழு, புகைப்படக்காரர்கள், அலங்காரம் செய்தவர்கள், ஓட்டுநர்கள். நீங்கள் நடத்தும் அளவில் இவர்களே 40 இலை வருவார்கள். கடைசியில் பசியோடு உட்கார்ந்து சோற்றை நிறைவாகச் சாப்பிடுபவர்களும் இவர்கள்தாம். இவர்களை எண்ணாமல் போடும் கணக்கில் முதலில் குறைவது சோறு.

ஸ்ரீரங்கம் வாசகி, 11 ஜனவரி

பிரித்து எழுதினோம். தங்கும் உறவினர் 70, உள்ளூர் உறவினர் 60 குடும்பங்களில் 170, அலுவலகமும் நண்பர்களும் 100, எங்கள் தெருவும் பழைய தெருவும் 70. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு வேனும் பதினைந்து காரும் வருகின்றன, அது 100. வேலை செய்பவர்கள் 40. மொத்தம் 550. சாப்பிடாமல் போவோரைக் கழித்தால் மறுபடியும் 500-க்கே வந்து நிற்கிறது.

திருவெறும்பூர் கணக்கர், 11 ஜனவரி

என்னுடைய பத்து சதவீதம் எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். 550 வரை தாங்கும்படி எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் போதுமே.

உக்கிராணம் பார்ப்பவர், 11 ஜனவரி, இரவு

இந்த இடத்தில்தான் கணக்கரோடு நான் மாறுபடுகிறேன், இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். எல்லாச் சாமானுக்கும் ஒரே சதவீதம் கூட்டுவது தவறு. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, வேண்டாம் என்று தெரிந்தபின் அதை எந்தக் கட்டத்தில் நிறுத்த முடியும் என்று பாருங்கள். கடைசி நிமிடம் வரை நிறுத்தக்கூடிய பொருளுக்குத் தாராளமாக இடம் விடலாம். முன்கூட்டியே செய்துமுடிக்க வேண்டிய பொருளை எண்ணித்தான் வாங்க வேண்டும்.

வெள்ளைச் சோறு முதல் வகை. ஒரு உலை ஏற்றி வடிப்பதற்கு ஒரு பந்தி நடக்கும் நேரமே போதும். மூட்டையில் இருக்கும் அரிசி வீணாவதில்லை. உங்களுக்கு இன்னும் வசதி இருக்கிறது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கான பொன்னி மூட்டைகள் அதே உக்கிராணத்தில்தானே இருக்கும்? வரவேற்புக்கென்று ஒரே ஒரு மூட்டையை ஒதுக்குங்கள். போதாவிட்டால் மறுநாள் மூட்டையைப் பிரித்து, எடுத்த அளவைக் காலையில் கடையிலிருந்து வரவழைத்தால் ஆயிற்று. கூடுதல் அரிசி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

தயிர் சாதமும் அப்படித்தான். பாலை ஊற்றிக் கொஞ்சமாகத் தயிர் சேர்த்துப் பிசைவதால், முதல் பந்திக்கு ஒரு அண்டா, பிறகு நிலைமையைப் பார்த்து மற்றொன்று என்று செய்யலாம். மொத்தமாக மாலை ஐந்து மணிக்கே பிசைந்தால் ஒன்பது மணிக்குப் புளித்துவிடும்.

பிரியாணி இரண்டாம் வகை. மசாலாவும் காயும் அரிசியும் சேர்ந்தபின் அதை நிறுத்த வழியில்லை. எனவே 20 கிலோவையும் ஒரே அண்டாவில் போடவிடாதீர்கள். 12 கிலோ முதலில், 8 கிலோ இரண்டாவது பந்தி உட்காரும்போது. சீரகச் சம்பா 25 கிலோ வாங்கினால், மீதி 5 கிலோ பிரிக்காத பையாகவே இருக்கட்டும்.

இனிப்பைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

வாணியம்பாடி அன்பர், 12 ஜனவரி

நான் எழுதப்போவது ஆட்டுக்கறி பிரியாணியைப் பற்றி, ஆனாலும் பொருந்தும். எங்கள் வீட்டு நிக்காஹ் விருந்துகளில் ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி என்று போட்டு, அதை ஏழு எட்டுப் பேருக்கு எண்ணுவோம். அங்கே பிரியாணியே விருந்து. கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் துணைக்குத்தான். உங்கள் 40 கிராமை எங்கள் பண்டாரியிடம் சொன்னால் அவர் நம்பமாட்டார். ஆயினும் தம் போட்டு மூடிய தேக்சாவைத் திருப்ப முடியாது என்பதால் நாங்களும் ஒரே பெரிய தேக்சாவாக வைப்பதில்லை. அடுத்தது எப்போது ஏறவேண்டும் என்பதை வாசலில் நின்று கூட்டத்தைப் பார்க்கும் ஒருவர் வந்து சொல்வார்.

உக்கிராணம் பார்ப்பவர், 12 ஜனவரி, மாலை

வாணியம்பாடி அன்பர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வாசலில் நிற்கும் ஆள். சமையல்கூடம் பின்பக்கம் இருப்பதால் கூட்டம் எவ்வளவு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. குடும்பத்தில் நிதானமான ஒருவரை இந்த ஒரு வேலைக்கென்று ஒதுக்குங்கள்.

இப்போது இனிப்பு. ஜாங்கிரி எண்ணிக்கைப் பொருள், மறுமுறை கேட்பவர்கள் மிகக் குறைவு. சமையல்காரர் 600 எழுதியதில் நியாயம் இல்லாமல் இல்லை. விருந்தினர் உட்காருவதற்கு முன்பே இலைகளில் இனிப்பை வைத்துவிடுகிறார்கள். 150 இலை போட்டு 130 பேர் உட்கார்ந்தால் அந்த இருபதும் இலையோடு சுருட்டப்படும். இந்த இழப்பை மனத்தில் வைத்துத்தான் நூறு கூட்டி எழுதுகிறார்கள். ஆள் உட்கார்ந்தபின் இனிப்பு வையுங்கள் என்று பரிமாறும் மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் 550 போதும். கிலோவுக்கு 25 நிற்கும் அளவில் சொன்னால் 22 கிலோ. பெரிய ஜாங்கிரியாக வேண்டாம். பாதி தின்று வைத்துவிடுவார்கள்.

அசோகா சுடச்சுடப் பரிமாறுவது என்பதால் அதை இரண்டு தவணையாகக் கிளறலாம். ஒரு கிலோ பாசிப்பருப்பில் கிளறிய அசோகா, சிறு கரண்டி அளவில் வைத்தால் 110 இலைக்கு வருகிறது. மொத்தம் நாலரைக் கிலோ பருப்பு வேண்டும். மூன்று கிலோவை முதலில் கிளறட்டும். மீதி ஒன்றரைக் கிலோவை வேகவைத்து மட்டும் வைத்துக்கொண்டு, இலை எண்ணிக்கை 250-ஐத் தாண்டியதும் அடுப்பில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் தயாராகிவிடும்.

தில்லைநகர் மளிகைக்காரர், 13 ஜனவரி

கடைக்காரனாக மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

திருப்பி எடுப்பதைப் பற்றி வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தையல் பிரிக்காத மூட்டையையும் மூடி திறக்காத எண்ணெய் டின்னையும் நாங்கள் எடுத்துக்கொள்வோம். பிரித்த மூட்டையில் மீந்த சர்க்கரையையோ பருப்பையோ எந்தக் கடையும் எடுக்காது. ஆகவே பருப்பைப் பெரிய மூட்டையாக வாங்காமல் ஐந்து கிலோ, ஒரு கிலோப் பைகளாகக் கேளுங்கள். விலையில் சிறு வித்தியாசம் இருந்தாலும், மீந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

பட்டியலில் 25 கிலோ மூட்டை என்று எழுதியிருந்தால் 26 கிலோ மூட்டையும் வரலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தபிறகு பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறிவிட்டன. மூட்டை எண்ணிக்கையை எழுதாமல் கிலோவை எழுதுங்கள்.

மூன்றாவது, அரிசியும் பருப்பும் பழையதா புதியதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டு பழைய பொன்னி உலையில் நன்றாக விரிந்து சோறு காணும். புது அரிசி குழைந்து அளவில் குறையும். துவரம்பருப்பில் இதற்கு நேர்மாறு, பழைய பருப்பு வேகாது. மண்டபத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் இன்னும் மோசம். வேகாத பருப்பில் சாம்பார் நீர்த்துப் போகும், சமையல்காரர் இன்னும் இரண்டு கிலோ கேட்பார். கால் கிலோ மாதிரி வாங்கி, மண்டபத்துத் தண்ணீரிலேயே வேகவைத்துப் பார்த்துவிட்டு முழு அளவையும் சொல்லுங்கள்.

திருவெறும்பூர் கணக்கர், 13 ஜனவரி

பருப்பில் என்னுடைய 12.5 கிலோவும் சமையல்காரரின் 12 கிலோவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அதை யாரும் மறுக்கவில்லையே?

உக்கிராணம் பார்ப்பவர், 14 ஜனவரி

மறுக்கிறேன். நாற்பது பேருக்கு ஒரு கிலோ என்பது சோற்றில் ஊற்றிப் பிசையும் சாம்பாருக்கு. இந்த இலையில் சாம்பார் சாதம் இல்லை, பருப்பு நெய்யும் இல்லை. சாம்பார் தோசைக்குத் தொட்டுக்கொள்ள மட்டும். தலைக்கு 100 மில்லி என்றால் 50 லிட்டர். தோசைச் சாம்பார் சற்று இளக்கமாக இருக்கும், கிலோவுக்கு எட்டு லிட்டர் வரும். ஆறு கிலோவுக்குச் சற்று மேல் அதற்கு, ரசத்துக்கு இரண்டு கிலோ. ஒன்பது கிலோ போதும். மளிகைக்காரர் சொன்ன பிரிக்காத பைகளாக மூன்று கிலோ கூடுதலாக இருந்தால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறுநாள் மதியம் அது செலவாகிவிடும்.

ஸ்ரீரங்கம் வாசகி, 18 ஜனவரி

57 கிலோவை 48-ஆகக் குறைக்கலாமா என்று சமையல்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காரணம் சொன்னார். மண்டபத்தில் தோசைக்கல் ஒன்றுதான் இருக்கிறதாம். தோசை வரத் தாமதமானால் மக்கள் காத்திருக்காமல் பிரியாணியையும் சோற்றையும் இரண்டாம் முறை கேட்பார்கள், அதற்காகத்தான் கூட்டி எழுதினேன் என்றார்.

பட்டாணியைப் பற்றியும் கேட்க வேண்டியதாயிற்று. 12 கிலோ என்றதை உரித்த பட்டாணி என்று நினைத்துக் கடையில் விலை கேட்டிருந்தோம். அவர் எழுதியது தோலோடு.

உக்கிராணம் பார்ப்பவர், 18 ஜனவரி, இரவு

சமையல்காரர் சொன்னது சரியான காரணம். நான் தலைக்கு 85 கிராம் என்று எழுதியது தோசை தடையில்லாமல் வரும் இடத்துக்குப் பொருந்தும். இரண்டாவது கல்லை வாடகைக்கு எடுங்கள். 9 கிலோ அரிசியின் விலையைவிட அந்த வாடகை குறைவாகவே இருக்கும், விருந்தினர்களும் காத்திருக்க வேண்டாம்.

பட்டாணி பலர் வழுக்கும் இடம். 12 கிலோ பட்டாணியைத் தோலோடு வாங்கி உரித்தால் ஐந்து கிலோ கிடைக்கும், குருமாவுக்கும் பிரியாணிக்கும் சேர்த்து அது போதும். உரித்ததாகவே 12 கிலோ வாங்கியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கையில் நின்றிருக்கும். காய்கறிப் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். காலிஃபிளவர் 20 பூ என்றால் எவ்வளவு பெரிய பூ? அரைக் கிலோப் பூவும் உண்டு, ஒன்றரைக் கிலோப் பூவும் உண்டு. இலையையும் தண்டையும் கழித்தால் சுமார் பாதிதான் அண்டாவுக்குப் போகும். சுத்தம் செய்தபின் எத்தனை கிலோ வேண்டும் என்று சமையல்காரரிடம் கேட்டு, கழிவைச் சேர்த்து நீங்கள் வாங்குங்கள். குருமாவுக்குத் தலைக்கு 60 கிராம் சுத்தம் செய்த காய், அதாவது 30 கிலோ. உருளைக்கிழங்கிலும் கேரட்டிலும் கழிவு ஏழில் ஒரு பங்கு வரை போகும், பீன்ஸில் அதைவிடக் குறைவு.

காய்கறிக்குக் கூடுதல் சேர்க்க வேண்டாம். நறுக்கிய காய் திரும்பாது. உருளை, வெங்காயம் மட்டும் சற்று அதிகம் இருக்கலாம். அவை மறுநாள் காலைப் பூரிக் கிழங்குக்குப் போகும்.

தில்லைநகர் மளிகைக்காரர், 19 ஜனவரி

காயை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் கிடைக்கும் தரமும் விலையும் விடிந்தபின் கிடைக்காது. வரவேற்பு நாளன்று அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாருக்கும் ஓய்வு இருக்காது.

உக்கிராணம் பார்ப்பவர், 19 ஜனவரி

கிழங்கு, வெங்காயம், கேரட் என்றால் சரி. பீன்ஸையும் கொத்தமல்லியையும் ஒரு நாள் மூட்டையில் வைத்தால் வாடிப்போகும், வாடியதைக் கழித்தால் எடை குறையும். அன்று விடியற்காலையில் ஒருவரை அனுப்புவதே நல்லது என்பது என் எண்ணம். இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகப்போவதில்லை.

பந்தி தொடங்கியபின் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிப் பந்தியில் முதியவர்களும் குழந்தைகளும் அதிகம் இருப்பார்கள், சோறு குறைவாகச் செலவாகும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த உலையை நிறுத்திவிடாதீர்கள். எட்டரை மணிப் பந்திதான் கனமானது, கடைசிப் பந்தியில் தலை குறைவாக இருந்தாலும் தலைக்குச் சோறு அதிகம் போகும். இரண்டாம் பந்தி எழுந்ததும் இலைகளைச் சுருட்டும் முன் ஒருமுறை நடந்து பாருங்கள். பிரியாணி பல இலைகளில் பாதி மீந்திருந்தால் பரிமாறும் கரண்டி பெரிதாக இருக்கிறது என்று பொருள். கரண்டியை மாற்றச் சொன்னால் போதும், அளவை மாற்ற வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் வாசகி, 24 பிப்ரவரி

திருமணம் நல்லபடியாக நிறைவேறியது. அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் கணக்கை எழுதுகிறேன்.

இலைக்கட்டுகளை எண்ணி வைத்திருந்ததால் விழுந்த இலை 472 என்று உறுதியாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏறக்குறையச் சொன்னபடி வந்தார்கள். அலுவலக நண்பர்களில்தான் எதிர்பார்த்ததைவிடப் பலர் சாப்பிடாமல் சென்றார்கள்.

பிரியாணி முதல் அண்டா 12 கிலோ முழுதும் செலவானது. இரண்டாவது 8 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு மீந்தது. 5 கிலோப் பை பிரிக்கப்படாமல் கடைக்குத் திரும்பியது. பொன்னியில் நிலைமை வேறாக இருந்தது. ஒதுக்கிய 26 கிலோ மூட்டை தீர்ந்து, கடைசிப் பந்திக்காக மறுநாள் மூட்டையிலிருந்து மூன்று கிலோ எடுக்க வேண்டியிருந்தது. வாடகைக்குச் சொல்லியிருந்த தோசைக்கல் எட்டு மணிக்குமேல்தான் வந்து சேர்ந்தது. அதுவரை சமையல்காரர் சொன்னதுதான் நடந்தது.

துவரம்பருப்பு ஒன்பது கிலோவில் சிறிதளவு மீந்தது. ஜாங்கிரி 550-இல் 45 எஞ்சி மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குப் போனது. உட்கார்ந்தபின் இனிப்பு வைக்கச் சொன்னதை முதல் பந்தியில் மறந்துவிட்டார்கள், அடுத்த பந்தியிலிருந்து கடைப்பிடித்தார்கள். அசோகாவின் இரண்டாம் தவணையை என் தம்பி வாசலிலிருந்து வந்து சொன்னபின்தான் ஏற்றினார்கள், அது வழித்துத் துடைத்தாற்போல் தீர்ந்தது. கடைசிப் பத்துப் பதினைந்து பேருக்கு அசோகா கிடைக்கவில்லை.

காயை இரண்டு முறையாக வாங்கினோம். பீன்ஸ் அன்று காலையில் வந்தது, ஆனால் விலை கூடுதல்.

உக்கிராணம் பார்ப்பவர், 24 பிப்ரவரி, இரவு

உலையேறிய அரிசி மொத்தம் 49 கிலோ, 472 இலைக்குத் தலைக்கு 104 கிராம். நான் சொன்ன 85-க்கும் சமையல்காரர் எழுதிய 114-க்கும் இடையில் நிற்கிறது. தோசை தாமதமாகும் மண்டபத்துக்கு இனிமேல் 100 என்றே கொடுப்பேன்.

அசோகா தீர்ந்ததற்குக் காரணம் கரண்டியாக இருக்கலாம். நாலரைக் கிலோவும் கிளறி 472 இலைக்கே போதவில்லை என்றால், ஒவ்வொரு இலையிலும் நான் சொன்னதைவிடச் சற்று அதிகம் விழுந்திருக்கிறது. அல்லது அசோகாவை மட்டும் இரண்டாம் முறை கேட்டிருக்கிறார்கள். பரிமாறியவர்களிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

ஸ்ரீரங்கம் வாசகி, 25 பிப்ரவரி

கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் எல்லோருக்கும் இரண்டாம் முறை வைக்கும்படி என் கணவரே சொல்லியிருக்கிறார்.

தஞ்சாவூர் வாசகர், 3 மார்ச்

எங்கள் வீட்டு வரவேற்பு ஞாயிற்றுக்கிழமை மதியம், இதே அளவு கூட்டம். இதே கணக்கைப் பின்பற்றலாமா?

உக்கிராணம் பார்ப்பவர், 3 மார்ச்

இனிப்புக்கும் காய்க்கும் பின்பற்றலாம். அரிசிக்கு வேண்டாம். மதியம் என்றால் தோசை இருந்தாலும் மக்கள் சோற்றைத்தான் தேடுவார்கள். அலுவலக நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணக்கர் சொன்ன எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அங்கே சரியாக இருக்கும். சாம்பார் சாதம் உண்டா, இல்லையா என்று எழுதுங்கள், பருப்பை அதன்பின் பார்க்கலாம்.